நடுவில் விட்ட நான்கு புள்ளிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில், "இந்தப் பொண்ணு பேசினா மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு" என்று எங்கள் கம்பெனியில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். படித்தது வேதியியல், கற்றுக்கொண்டது அடுத்தவர் வாயை அடைப்பது. பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் அந்த வாய் எனக்கு உதவவில்லை. மூன்று வருடமாக அதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. சிப்காட்டில் ஒரு ஷெட், அதற்குள் கண்ணாடித் தடுப்பு போட்ட லேப். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் சென்சார் செய்கிறோம். கழிவுநீர் சுத்திகரிக்கும் ஆலைகளில் அதைத் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். சென்சாரின் நுனியில் சிலிகோன் ரப்பரில் சாயம் கலந்து தடவிய ஒரு மூடி இருக்கும். அந்த மூடி என் பொறுப்பு. சாயத்தைக் கலப்பது, தடவுவது, காய வைப்பது, சோதித்துக் கையெழுத்துப் போடுவது எல்லாம் நான்தான்.

வேலை எப்படி நடக்கிறது என்று ஆலைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு கல்யாண வீட்டுக் கதை சொல்வேன். சாயத்தின் மேல் நீல வெளிச்சம் பட்டால் அது சக்தியை வாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரம் வைத்திருந்து, பிறகு சிவப்பு வெளிச்சமாக விடும். பந்தியில் வடைத் தட்டை ஏந்திக்கொண்டு ஒருவர் போவது போல. இடையில் யாராவது மோதினால் வடை கீழே போய்விடும், இலைக்கு வந்து சேராது. ஆக்சிஜன்தான் மோதுகிற ஆள். கூட்டம் கூடக் கூட மோதலும் கூடும், வந்து சேரும் சிவப்பு வெளிச்சம் குறையும். ஆக்சிஜனே இல்லாதபோது இருந்த வெளிச்சத்தை இப்போதிருக்கும் வெளிச்சத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். ஆக்சிஜன் இல்லாதபோது அது ஒன்று. ஆக்சிஜன் ஏற ஏற விகிதமும் அதே கணக்கில் ஏறும். கிராஃபில் போட்டால் ஒன்றிலிருந்து கிளம்பும் நேர்க்கோடு. அந்தக் கோட்டின் சரிவு தெரிந்தால் போதும், வெளிச்சத்தைப் பார்த்து ஆக்சிஜனைச் சொல்லிவிடலாம்.

இந்தக் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சொன்னபோது ஒருவர் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், வடைக்காரர் எல்லாரும் பந்திலயேதான் நடப்பாங்களா? ஒருத்தர் ரெண்டு பேரு சுவத்து ஓரமா, யாரும் மோதாத எடத்துல நின்னுக்கிட்டா?"

அவர் அந்த ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர். ஐம்பது வயது இருக்கும். ஊர் கெலமங்கலம் பக்கம். வீட்டில் கன்னடம், ஆலையில் தமிழ், லாரிக்காரர்களோடு தெலுங்கு. ஐடிஐ படித்துவிட்டு இருபது வருடமாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர். "அப்படியெல்லாம் நிக்க மாட்டாங்க அண்ணா, சம்பளம் புடிச்சிருவாங்க" என்றேன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்கள் லேபில் அதே விஷயம் என் கண் முன்னால் நடந்திருந்தது. நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருந்தேன்.

முதலில் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த சிலிகோன் ரப்பர் வருவது நின்றுபோயிருந்தது. முதலாளி வேறோர் இடத்திலிருந்து புதியது வாங்கினார். அது கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. உறுதிக்காக மணல் மாதிரி நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்தது. சாயம் அதில் நன்றாகப் பிடித்தது, தண்ணீரில் உரியவில்லை. எனக்கு மகிழ்ச்சி. நைட்ரஜனையும் காற்றையும் வெவ்வேறு அளவில் கலந்து தண்ணீரில் விட்டு, ஏழு அளவுகளில் வெளிச்சத்தை எடுத்தேன். முதல் அளவு சுழி. கடைசி அளவு காற்று முழுதாகக் கரைந்த தண்ணீர். ஓசூர் மேட்டு நிலம் என்பதால் இங்கே அது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

கிராஃபில் போட்டேன். கோடு வளைந்திருந்தது.

ஆரம்பத்தில் சரசரவென்று ஏறி, போகப் போகச் சோம்பலாகிக் கீழ்ப்பக்கம் சாய்ந்தது. சுழியையும் கடைசிப் புள்ளியையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் நடுவில் இருந்த புள்ளிகள் கோட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றன. ஒன்று, இரண்டு, மூன்றரை, ஐந்து: நான்கு புள்ளிகள்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எம்.எஸ்சி.யில் படித்ததுதான். சாயத்தில் ஒரு பகுதி தூளோடு ஒட்டிக்கொண்டு ஆக்சிஜன் எளிதில் மோத முடியாத இடத்தில் இருந்தால், மோதக்கூடியவை முதலிலேயே அணைந்துவிடும். ஒதுங்கி நின்றவை கடைசி வரை எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் விகிதம் போகப் போக மெதுவாக ஏறும். சுவர் ஓரத்தில் நிற்கும் வடைக்காரர்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் முதலாளி வந்து, "மேங்கோ சீசன் ஆரம்பிச்சிருச்சும்மா. ஸ்ட்ரெய்ட் லைன் வந்துருச்சுல்ல?" என்று கேட்டார். என்னைச் சீனியர் ஆக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "வந்துரும் சார்" என்றேன். அவர் போனதும் வாயு கலக்கும் மீட்டரைப் பார்த்தேன். அது பழையது. நடுவில் வரும் அளவுகளுக்குத்தான் அதை நம்ப வேண்டும். சுழிக்கும் முழுக் காற்றுக்கும் அது வேண்டாம். கோளாறு மீட்டரில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்கவில்லை. நான்கு புள்ளிகளை நீக்கினேன். சுழி, ஆறரை, ஏழரை என்று மூன்று புள்ளிகள் மிஞ்சின. அவற்றுக்கு நடுவே கோடு தங்கமாக ஓடியது. கம்ப்யூட்டர் பொருத்தம் 0.99 என்று காட்டியது. கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம் என்றே சொல்லலாம். சென்சாரை இரண்டு புள்ளியில்தான் சரிபார்ப்போம்: ஆக்சிஜனைத் தின்றுவிடும் சல்ஃபைட் உப்புக் கரைசலில் சுழி, ஈரக் காற்றில் முழு அளவு. நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கோடு பார்த்துக்கொள்ளும். கோடு நேராக இருக்கும்வரை இதில் தப்பே இல்லை.

அந்த மாம்பழக்கூழ் ஆலைக்குப் போனது அப்படிக் கையெழுத்தான மூடிகளில் ஒன்று.

ஜூன் மாதம். சாலையெங்கும் மாம்பழ லாரிகள். ஆலைக் கழிவுநீரில் சர்க்கரை ஏராளம். அதைத் தின்று தீர்க்கத் தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள்; அவை மூச்சு விட ப்ளோயர் காற்றடிக்க வேண்டும். எங்கள் சென்சார் காட்டும் எண்ணைப் பார்த்து ப்ளோயர் தானாக வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஒன்றரைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள் என்று மேனேஜர் அதில் செட் செய்திருந்தார்.

சென்சார் வைத்துப் பத்து நாளில் ஆபரேட்டர் போன் செய்தார்.

"மேடம், உங்க மீட்டரு ஒன்னரை காட்டுது. பாட்டில் டெஸ்ட்டுல ஒன்னுதான் வருது. தினமும் அப்படித்தான் வருது."

பாட்டில் டெஸ்ட் என்பது பழைய முறை. தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, இரண்டு கரைசல் விட்டால் பழுப்பாகப் படியும். அமிலம் விட்டால் மஞ்சளாகும். ஸ்டார்ச் போட்டால் நீலமாகும். அந்த நீலம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை சொட்டு என்று பார்க்க வேண்டும். எனக்கு அது கல்லூரியில் பிடிக்காத பாடம். எத்தனை முறை செய்தாலும் எனக்கு ஒரு சொட்டு அதிகமாகிவிடும்.

மறுநாள் போனேன். மத்திகிரியில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து, கிருஷ்ணகிரி பஸ் மாறி, வெயிலில் இறங்கியபோதே எனக்கு எரிச்சல். தொட்டிக்கரையில் மேனேஜர் நின்றிருந்தார். அவருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும், கையில் எப்போதும் இரண்டு போன். ஆபரேட்டர் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பெரிய நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம்: மீட்டர், பாட்டில்.

நான் சென்சாரை எடுத்து, சல்ஃபைட் கரைசலில் விட்டேன். சுழி. ஈரக் காற்றில் தூக்கிப் பிடித்தேன். 7.4. அப்பழுக்கில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, "பாருங்க சார்" என்றேன். ஒரு வித்தைக்காரி போல நின்றேன் என்று இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. எந்த இரண்டு புள்ளிகளை வைத்துக் கோட்டை இழுத்தேனோ, அதே இரண்டு புள்ளிகளில் சோதித்துக் காட்டிவிட்டு, கோடு சரி என்றேன். வேறு எப்படி வரும்?

ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார்: "அங்க சரியாத்தானுங்க மேடம் இருக்குது. காத்துல சரி. நல்ல தண்ணிலயும் சரி. நடுவுலதான் தப்பு வருது. நோட்டைப் பாருங்க, ரெண்டே முக்கால் காட்டறப்ப பாட்டில்ல ரெண்டு. நாலே கால் காட்டறப்ப மூணரை."

நடுவில்தான் தப்பு என்றார். நான் நீக்கிய நான்கு புள்ளிகளின் முகவரியை என் முகத்துக்கு நேராகச் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுத்தது, ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, இது தொட்டித் தண்ணி. உள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு. நீங்க பாட்டில்ல புடிச்சு லேபுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள அதுங்க ஆக்சிஜனைத் தின்னுரும். அப்ப கம்மியாத்தான் வரும். புக்லயே போட்டிருக்கு."

புத்தகத்தில் போட்டிருப்பது உண்மைதான். அதற்கு மாற்றும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறது.

"இல்லீங்க மேடம், நான் மயில்துத்தம்..." என்று ஆரம்பித்தார்.

"மெஷினு வெளிச்சத்தைப் பாக்குது அண்ணா. நீங்க கண்ணால கலரைப் பாக்கறீங்க. எதை நம்பறது?"

மேனேஜர் சிரித்தார். ஆபரேட்டர் நோட்டை மூடினார். மூடும்முன் நான் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் 'பயனர் தரப்புப் பிழை' என்று எழுத ஆதாரம் வேண்டுமே.

அவர் ப்ளோயரைக் கையால் அதிகமாக ஓட்டிவந்தார் என்பது அன்றுதான் மேனேஜருக்குத் தெரிந்தது. பாட்டிலை நம்பித்தான் அப்படிச் செய்திருக்கிறார். மேனேஜர் அந்த இடத்திலேயே கண்ட்ரோல் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே மீட்டர் சொல்றதுதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்களின் ஓரத்தில் ஒவ்வொரு நாளும் சின்ன எழுத்தில் 'ம.து. 10 மிலி' என்று இருந்தது. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட், பத்து மில்லி. நுண்ணுயிரின் மூச்சை நிறுத்த, பெரிய பாட்டிலில் தண்ணீரைப் பிடிக்கும்போதே விட வேண்டிய மயில்துத்தக் கரைசல். ஒரு நாள் விடாமல் விட்டிருந்தார். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அவர் முழுதாகப் படித்திருந்தார். பாதியோடு நிறுத்தியது நான்.

மறுநாள் லேபில் யாரும் வருவதற்கு முன் பழைய ஃபைலைத் திறந்தேன். நீக்கிய நான்கு புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவருடைய நோட்டில் பாட்டில் காட்டிய அளவைக் கீழ் அச்சிலும், மீட்டர் காட்டிய எண்ணிலிருந்து திருப்பிக் கணக்கிட்ட விகிதத்தைப் பக்க அச்சிலும் வைத்தேன். அவருடைய புள்ளிகள் என் வளைவின் மேலேயே, கோலத்தில் வைத்த புள்ளி போல, வந்து உட்கார்ந்தன. அவர் கையில் ஒரு சொட்டுகூட அதிகமாகியிருக்கவில்லை.

அதாவது மீட்டர் ஒன்றரை என்று காட்டும்போது தொட்டியில் இருந்தது ஒன்றுதான். நடுவில் தூக்கி நின்ற வளைவை நேர்க்கோடு என்று எடுத்துக்கொண்டதால் எங்கள் சென்சார் இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து. அதே மூடி இன்னும் பல ஆலைகளுக்குப் போயிருந்தது. 'சீசன் முடியட்டும், அதற்குள் ஒன்றும் ஆகாது' என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேலி செய்கிற வாய் எனக்கு. என் தட்டில் இருந்த பூசணிக்காயின் மேல் நானே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் தொட்டி கெட்டது. சர்க்கரை அதிகம், காற்று கம்மி என்றால் நூல் நூலாக வளரும் ஒரு வகை நுண்ணுயிர் மேலோங்கிவிடும். சகதி அடியில் படியாமல் பஞ்சு போல மிதக்கும். தெளிந்து வர வேண்டிய தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்து வெளியே வந்தது. பக்கத்தில் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்கள் திரண்டு வந்து ஆலை கேட்டில் நின்றார்கள். கன்னடத்திலும் தமிழிலும் ஒரே கூச்சல் என்று கேள்விப்பட்டேன்.

ஆலையில் கூட்டம் போட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நீள மேஜையின் ஒரு பக்கம் ஆலையின் பெரியவர், மேனேஜர். இந்தப் பக்கம் எங்கள் முதலாளியும் நானும். ஆபரேட்டர் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஏசியில் அவருக்கு மட்டும் வியர்த்திருந்தது.

மேனேஜர் சொன்னார்: "சார், மெஷினை நம்பாம இவர் இஷ்டத்துக்கு ப்ளோயரை ஏத்தி எறக்கினதுலதான் தொட்டி செட் ஆகாமப் போச்சு. நான் பூட்டினதுக்கு அப்புறமும் சகதி எடுக்கறதுல கவனம் இல்ல."

பெரியவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. சென்சார் சரியா இருக்கா, இல்லையா?"

என் பையில் அந்த கிராஃப் இருந்தது. வளைவும், அதன் மேல் அவர் புள்ளிகளும். காலையில் அதை எடுத்து வைக்கும்போது, கேட்டால் காட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் வைத்தேன். இப்போது கேட்டுவிட்டார்கள். பக்கத்தில் முதலாளி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு வளைவைப் பற்றி அதுவரை தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆபரேட்டரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எத்தனை நொடி என்று தெரியாது. அவர் கண்ணில் கோபம் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு டீச்சர் என்ன சொல்வாரோ என்று நிற்கிற மாதிரி ஒரு பார்வை.

"ரெண்டு பாயிண்ட்லயும் கரெக்டா இருக்கு சார்" என்றேன்.

பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. பொய் சொல்லியிருந்தால் பயந்து சொன்னேன் என்றாவது இருந்திருக்கும். நான் உண்மையைப் பொறுக்கி எடுத்து, மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு நான்கை விட்டது போலவே, அந்த அறையிலும் வேண்டியதை மட்டும் வைத்தேன்.

அந்த மாதமே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கிராஃபைப் பார்த்துவிட்டு, "இதை வெளிய சொல்ல வேணாம். சாஃப்ட்வேர்ல வளைவைப் போட்டுரலாம்" என்றார். ஒதுங்கி நிற்கும் சாயத்துக்கு ஒரு பங்கு, மோதக்கூடிய சாயத்துக்கு ஒரு பங்கு என்று கணக்கை மாற்றினோம். நான்தான் எழுதினேன். நன்றாக வேலை செய்தது. எல்லா ஆலைகளுக்கும் 'மேம்படுத்தப்பட்ட பதிப்பு' என்று போனது. மாம்பழக்கூழ் ஆலைக்கும் போனது. தொட்டி சரியானதும், புது ஆபரேட்டர் கெட்டிக்காரர் என்று மேனேஜர் எனக்கே போனில் சொன்னார். அதற்கும் நான் ஆமாம் போட்டேன்.

போன மாதம் வேலையை விட்டேன். விட்ட பிறகுதான் அவரைத் தேடிப் போகத் தைரியம் வந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தளிப் பக்கம் ஒரு கோஸ் தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று அந்த ஆலையின் செக்யூரிட்டி சொன்னார். பஸ்ஸில் ஜன்னலை மூடினாலும் குளிர் வந்தது. தூறல். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள்.

வாசலில் இருந்த அம்மா நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தார். "நீங்கதானா அந்த மேடம்? உள்ள வாங்க, நனையாதீங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவருடைய மனைவி. இவ்வளவு வரவேற்பு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கணவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அவர் இளைத்திருந்தார். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். நலம் விசாரித்தார். நான் ஆரம்பிக்கும்முன் அவரே கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்குதுங்க. உங்களைப் பாத்தா கேக்கணும்னு இருந்தேன். பாட்டில் டெஸ்ட்டுல நான் எங்க தப்பு பண்ணேன்? மயில்துத்தமும் போட்டேன். கரைசலும் புதுசாத்தான் கலக்குவேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். கண்ணுதான் சரியில்லன்னு கண்ணாடி மாத்தினேன். இப்ப எம் பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்குது. அது டைட்ரேஷன்ல சந்தேகம் கேட்டாக்கூட, எனக்குக் கை சரியில்ல, டீச்சரைக் கேளுன்னு சொல்லிடறேனுங்க."

பையிலிருந்து கிராஃபை எடுத்தேன். மூன்று வருடத்தில் மடிப்பு விழுந்து ஓரம் கிழிந்திருந்தது. பாயில் விரித்தேன். "இது எங்க லேப்ல எடுத்த வளைவு. இந்தப் புள்ளியெல்லாம் உங்க நோட்டுல இருந்தது" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். புள்ளிகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் போனார். ஒன்று. இரண்டு. மூன்றரை. விரல் நின்றது.

"சொவத்து ஓரம் நிக்கற வடைக்காரங்க" என்றார்.

"ஆமா அண்ணா."

"அப்ப பாட்டில் சரி."

"பாட்டில் சரி. உங்க கையும் சரி, கண்ணும் சரி. எங்க கோடுதான் தப்பு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். பிறகு கிராஃபின் மூலையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் அச்சடித்த நாள் அங்கே இருந்தது. அவர் கூட்டத்து நாளை மறந்திருக்க வழியில்லை.

"இது கூட்டத்துக்கு முன்னாடியே எடுத்ததுங்களா?"

"ஆமா."

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணா. அன்னிக்கு இந்தப் பேப்பரு என் பையிலதான் இருந்துச்சு."

ஆலைக்கு எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று நான் ஏதேதோ சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கிராஃபைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"அந்த ரூம்ல எல்லாரும் பேப்பரையும் போனையும் பாத்துட்டு இருந்தாங்க" என்றார். குரல் உயரவில்லை. "நீங்க ஒருத்தர்தான் என்னை நிமிந்து பாத்தீங்க. வீட்டுல வந்து சொன்னேனுங்க. வேலை போனாப் போவுது, அந்த மேடத்துக்கு மட்டும் என்மேல எரக்கம் இருந்துச்சுன்னு. மூணு வருசமா அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."



அடுப்படியிலிருந்து அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. தட்டில் இரண்டு டம்ளர் இருந்தன. சிரித்துக்கொண்டே எனக்குத்தான் முதலில் நீட்டினார்.